பச்சைச் சளி வந்தால் அன்டிபயோட்டிக் தேவையா? மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி மழை பிடித்தால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தடிமன்காரர்கள்தான். முன்பெல்லாம் கைக்குட்டையை விரித்துக் காட்டுவார்கள். இப்போது போனில் படம் எடுத்து வந்து, பெரிதாக்கியும் காட்டுகிறார்கள். காட்டுவது ஒன்றே: சளியின் நிறம். மருந்தாளராக இத்தனை வருடங்களில் அதிகம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை வந்தவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மூன்று நாளாத் தடிமன். இண்டைக்குச் சளி பச்சையா வந்திட்டுது. பக்டீரியா தொத்திட்டுதோ?

நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சாதாரண வைரஸ் தடிமனிலேயே சளி இந்த வழியில்தான் போகும். முதல் இரண்டு நாள் தண்ணீர் மாதிரி ஒழுகும். மூன்றாம், நான்காம் நாளில் தடித்து வெள்ளையாகி, பிறகு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். சில நாள் அப்படியே இருந்துவிட்டு மறுபடி வெளுத்து, ஒரு வாரம் பத்து நாளில் நின்றுவிடும். ஆகவே மூன்றாம் நாள் பச்சை என்பது பெரும்பாலும் தடிமன் தன் பாட்டில் நடுக்கட்டத்துக்கு வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். புதிதாக இன்னொரு கிருமி வந்து சேர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

அப்ப அந்தப் பச்சை எங்கேயிருந்து வருது? கிருமியின்ர நிறம் இல்லையா?

இல்லை, அது நம்முடைய சொந்த நிறம். இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தடிமனைக் கொண்டுவருவதில் முதலிடம் ரைனோவைரஸ் என்ற வகைக்கு. அது மூக்கின் உட்தோலில் உள்ள செல்களுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அந்தச் செல்கள் சில இரசாயனங்களை வெளியிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுகின்றன. அந்த அழைப்புக்கு முதலில் கூட்டமாக வந்து சேர்பவை நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள். இரத்தக் குழாயின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்து, சளிக்குள் இறங்கிவிடும்.

இந்த நியூட்ரோபிலின் வயிற்றுக்குள் சின்னச் சின்னப் பொதிகள் இருக்கின்றன. அவற்றுள் மைலோபெரோக்சிடேஸ் என்ற நொதி நிறைய உண்டு. அணுவின் உலர் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் இந்த ஒரு நொதிதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் இரும்பு இருக்கிறது. இரத்தத்தின் சிவப்புக்கும் இரும்பைப் பிடித்திருக்கும் ஹீம் என்ற பகுதிதான் காரணம். இந்த நொதியில் அதே வகைப் பகுதி வேறு மாதிரிக் கட்டப்பட்டிருப்பதால் பச்சையாகத் தெரிகிறது. இதை முதலில் பிரித்தெடுத்தவர் கெல் ஆக்னர். 1941-இல், காசநோயாளரின் நெஞ்சில் கட்டிய சீழிலிருந்து எடுத்தார். அவர் வைத்த பெயரே வெர்டோபெரோக்சிடேஸ், அதாவது பச்சை நிறப் பெரோக்சிடேஸ்.

அது செய்யும் வேலையும் நமக்குப் பழக்கமானதுதான். உப்பில் உள்ள குளோரைட்டைக் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்கும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடும்போது தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் இதே பொருள்தான். வெள்ளை அணுக்கள் செத்து உடையும்போது அந்தப் பச்சை நொதி சளியில் கலக்கிறது. வந்த அணுக்கள் கொஞ்சமென்றால் மஞ்சள், நிறைய என்றால் பச்சை.

முக்கியமான விஷயம் இதுதான்: வைரஸ் வந்தாலும் நியூட்ரோபில் வரும், பக்டீரியா வந்தாலும் வரும். ஒவ்வாமையிலும் கொஞ்சம் வரும். பொலிஸ் வண்டி தெருவில் நிற்கிறது என்பதை வைத்து, உள்ளே நடந்தது களவா, அடிபிடியா என்று சொல்ல முடியுமா? அதே நிலைதான்.

காலையில கடும் பச்சை, பின்னேரம் வெள்ளை. ஒரே நாளில வருத்தம் கூடிக் குறையுமா?

வருத்தம் மாறவில்லை, சளி தேங்கிய நேரம்தான் மாறியிருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது மூக்கைச் சிந்துவதில்லை. ஆறேழு மணித்தியாலம் ஒரே இடத்தில் கிடந்து நீர் வற்றி, அணுக்கள் உடைந்து, நிறம் செறிந்துவிடும். விசிறியை முகத்துக்கு நேரே சுழலவிட்டுப் படுப்பவர்களுக்கு இன்னும் கூடும். எழுந்து நாலு தரம் சிந்தி, வெந்நீர் ஏதாவது குடித்த பிறகு வருவது புதுச் சளி. அதனால் விடியற்காலைச் சளியைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மஞ்சளை விடப் பச்சை மோசமோ?

இல்லை. பச்சையில் வெள்ளை அணுக்கள் கூட, அவ்வளவுதான்.

ஏழு வயது மகளுக்கு நாலாம் நாள் பச்சை. தம்பிக்குக் குடுத்த அமொக்சிசிலின் பாணி மருந்து பிரிட்ஜில மிச்சம் இருக்கு, குடுக்கலாமோ?

உவர்மலையிலிருந்து வந்த ஒரு தாய் இதைக் கேட்டார். அவரோடு பேசியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நாள்கணக்குப் பார்ப்பது எப்படி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டேன். சனிக்கிழமை தொண்டை கரகரத்துத் தும்மல் தொடங்கியதாம். ஞாயிறு மூக்கு ஒழுகியது, உடம்பு 38 பாகை செல்சியஸ் சுட்டது, பெனடோல் பாணி கொடுத்ததும் இறங்கியது. திங்கள் காய்ச்சல் இல்லை, ஆனால் மூக்கடைப்பு, சளி வெள்ளையாகத் தடித்தது. செவ்வாய் காலை பச்சை. அப்போதுதான் தாய் பயந்துபோய்க் கடைக்கு வந்தார்.

பிறகு பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். இடியப்பம் சாப்பிட்டாள், தம்பியோடு சண்டையும் போட்டாள், மூச்சு வாங்கவில்லை, காது நோவு இல்லை. காய்ச்சல் திரும்ப வரவில்லை. அப்படியானால் நிறத்தைத் தவிர மற்ற எல்லாமே நல்ல பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. மருந்து வேண்டாம், நாட்களை மட்டும் எண்ணுங்கள் என்றேன். தாய்க்குத் திருப்தி இல்லை, முகத்தில் தெரிந்தது.

வியாழன், ஆறாம் நாள், சளி மஞ்சளாகிக் குறைந்தது. அடுத்த ஞாயிறு, ஒன்பதாம் நாள், கிட்டத்தட்ட நின்றது. இருமல் மட்டும் இன்னும் ஒரு வாரம் இழுத்தது. அதுவும் வழக்கம்தான், மூக்கு சுகமான பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் நிற்கலாம்.

பிரிட்ஜில் இருந்த போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமொக்சிசிலின் பாணியில் தண்ணீர் கலந்த பிறகு அதன் ஆயுள் ஒன்று அல்லது இரண்டு வாரம்தான். அந்தத் தாய் வைத்திருந்ததோ இரண்டு மாதப் பழசு. அதோடு, தம்பியின் எடைக்குக் கணக்கிட்ட அளவு அக்காவுக்குப் பொருந்தாது. அந்தப் போத்தலைக் கொண்டுவந்து தரும்படி கேட்டு வாங்கி அகற்றினேன்.

நிறம் சொல்லாதெண்டா, பக்டீரியா எண்டு எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறது?

நாட்கள் போகும் விதத்தை வைத்து. வைரஸ் தடிமனுக்குப் பிறகு மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் பக்டீரியா பிடிப்பது உண்டுதான். ஆனால் பெரியவர்களில் நூறு தடிமனுக்கு இரண்டைத் தாண்டாது. பிள்ளைகளில் கொஞ்சம் கூட. அதைச் சந்தேகிக்க வைத்தியர்கள் பார்ப்பது மூன்று மாதிரிகளை.

முதலாவது, பத்து நாள் கழிந்தும் துளியும் குறையாதது. இங்கே 'குறையாதது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பதினோராம் நாளும் கொஞ்சம் சளி இருக்கிறது, ஆனால் முன்னையிலும் நல்லம் என்றால் அது இந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது, தொடக்கத்திலேயே கடுமையாக வருவது: 39 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 102 ஃபரனைற், அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே தடித்த நிறச் சளியும் முகநோவும், மூன்று நான்கு நாள் விடாமல். இந்த இடத்தில் மட்டும் நிறத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அதுவும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால்தான்.

மூன்றாவதுதான் எனக்கு மிக உபயோகமானதாகத் தெரிவது: சுகமாகி வந்து மறுபடி விழுவது. சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மீனவ அண்ணனுக்கு இப்படித்தான் நடந்தது. தடிமன் ஐந்தாம் நாள் நன்றாகக் குறைந்து, கடலுக்கும் போய்விட்டார். ஏழாம் நாள் இரவு குளிரோடு காய்ச்சல். வலது கன்னம் மட்டும் பாரம். வலை எடுக்கக் குனிந்தால் குத்தியது. அந்தப் பக்கத்து மேற்பல்லும் வலித்ததால் முதலில் பல் டொக்டரிடம் போகத்தான் நினைத்தாராம். நான் மருந்து கொடுக்காமல் வைத்தியரிடம் அனுப்பினேன். அவர் சைனஸ் தொற்று என்று சொல்லி அன்டிபயோட்டிக் எழுதினார், சரியாகத்தான் எழுதினார்.

அந்த அண்ணனின் சளி வெளிர் மஞ்சள்தான். உவர்மலைப் பிள்ளையின் சளியோ பாசிப் பச்சை. நிறத்தை நம்பியிருந்தால் இரண்டு பேருக்கும் தலைகீழாகச் செய்திருப்போம்.

போன முறை அன்டிபயோட்டிக் போட்டு மூண்டு நாளில சுகமாச்சே. வேலை செய்யாமலா சுகமானது?

எந்த நாளில் குடிக்கத் தொடங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அனேகமாக ஐந்தாம் நாள், சளி மிகப் பச்சையாக, மூக்கு மிக அடைப்பாக இருந்த நாளில். அதற்குப் பிறகு தடிமனுக்கு இறங்குமுகம்தான். ஐந்தாம் நாள் குளிசை போட்டால் எட்டாம் நாள் சுகம். ஐந்தாம் நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்தாலும் எட்டாம் நாள் சுகம். பாராட்டு மட்டும் குளிசைக்குப் போய்விடும்.

இதைப் பெரிய அளவில் பார்த்தும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 13 நாடுகளில், இருமலோடு வைத்தியரிடம் வந்த பெரியவர்களைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வு 2011-இல் வெளியானது. சளி நிறம் மாறியவர்களுக்கு வைத்தியர்கள் அன்டிபயோட்டிக் எழுதுவது மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஆனால் அந்த மருந்தால் அவர்கள் சீக்கிரம் குணமானதாகத் தெரியவில்லை. ஆக, நிறத்தைப் பார்த்து ஏமாறுவது நாங்கள் மட்டுமல்ல.

சரி, தேவையில்லை எண்டே வைப்பம். ஒரு பாதுகாப்புக்குப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?

முதலில் வயிறு. அன்டிபயோட்டிக்கால் வரும் வயிற்றோட்டம் பிள்ளைகளில் சர்வ சாதாரணம். அதன்பின் தோல். வைரஸ் காய்ச்சல் நேரத்தில் அமொக்சிசிலின் கொடுத்தால் சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். வைரஸாலும் அப்படி வரலாம், மருந்தாலும் வரலாம். எதனால் என்று பிரித்தறிவது கஷ்டம். ஆனால் கிளினிக் கொப்பியில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதிவிடுவார்கள். அந்த வரி ஆயுள் முழுக்கப் பிள்ளையோடு வரும். நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால், நல்ல மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்து தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. உங்கள் மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் ஏற்கெனவே பக்டீரியாக்கள் வாழ்கின்றன. மருந்து பட்டதும் சாகக்கூடியவை செத்து, மருந்தைத் தாங்குபவை மிஞ்சும். அவை வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவவும் செய்யும்.

அதோடு, வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்பது சட்டப்படியும் தவறு. "அங்க தந்தாங்கள், நீங்கள் மட்டும் ஏன் தரமாட்டீங்கள்" என்று என்னிடம் கோபித்துப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிஞ்சு போகாதோ?

இங்கேதான் ஒரு வேடிக்கை. சாதாரணத் தடிமன் பிடித்த 31 பெரியவர்களுக்கு, தொடங்கிய இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1994-இல் வந்தது. அவர்களில் 87 சதவீதமானவர்களின் கன்னத்துச் சைனஸ் அறைகளில் மாற்றம் தெரிந்தது. அன்டிபயோட்டிக் இல்லாமலே, இரண்டு வாரத்தில் மறுபடி எடுத்த ஸ்கேனில் பெரும்பாலானவர்களுக்கு அது தெளிந்துவிட்டது. அதாவது தடிமன் என்றாலே சைனஸும் சேர்ந்து வீங்கும். படத்தில் தெரியும் வீக்கம் வைரஸாலா பக்டீரியாவாலா என்று படம் சொல்லாது.

மூக்குச் சளியைத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் இதே கதை. சுகமாக விளையாடித் திரியும் பிள்ளைகளின் மூக்கிலும் நியூமோகொக்கஸ் போன்ற பக்டீரியா இருக்கும். "பக்டீரியா இருக்கிறது" என்று அறிக்கை வரும், காசும் போகும்.

மகனுக்கு ஒரு பக்க மூக்கில மட்டும் பச்சை வருது. நாத்தமும் அடிக்குது. இதையும் தடிமன் எண்டு விடலாமோ?

விட வேண்டாம், வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தடிமன் இரண்டு பக்கமும்தான் ஒழுகும். சின்னப் பிள்ளைக்கு ஒரே துவாரத்தில் நாற்றத்தோடு சளி வந்தால், முதலில் நினைக்க வேண்டியது மூக்குக்குள் ஏதோ போட்டிருக்கிறான் என்பதை. மணி, புளியங்கொட்டை, அழிரப்பர்த் துண்டு, பஞ்சு என்று எதுவும் இருக்கலாம். வீட்டில் குச்சியாலோ ஊக்கியாலோ எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போய்விடும். விளையாட்டுச் சாமானில் உள்ள வட்டப் பற்றரியைப் போட்டிருப்பான் என்று சந்தேகம் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணித்தியாலத்திலேயே அது மூக்கின் நடுத்தண்டை அரித்துவிடும்.

அப்பா நாப்பது வருசம் பீடி குடிச்சவர், எப்பவும் இளைப்பு. அவருக்கும் நிறத்தைப் பாக்கத் தேவையில்லையோ?

அவருக்குப் பார்க்க வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் மூக்கால் வரும் தடிமன் சளியைப் பற்றி, சாதாரணமாகச் சுகமாக இருப்பவர்களைப் பற்றி. புகையால் நெஞ்சு கெட்டு, நாளாந்தம் நெஞ்சுச் சளி துப்புபவர்களின் கதை வேறு. அவர்களுக்கு வழமையாக வெள்ளையாக வரும் சளி திடீரென்று நிறம் மாறி, அளவும் கூடி, இளைப்பும் அதிகரித்தால் வைத்தியர்கள் அன்டிபயோட்டிக் கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். அங்கேயும் நிறம் மட்டும் தனியே பேசுவதில்லை, மற்ற இரண்டோடும் சேர்ந்துதான். ஆனாலும் அப்பாவை மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று எண்ண விட வேண்டாம். கூட்டிக்கொண்டு போங்கள்.

எப்ப உடன ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?

கண்ணிமை வீங்கிச் சிவந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், தாங்க முடியாத தலையிடியோடு கழுத்து விறைத்தால், பிள்ளை மூச்செடுக்கும்போது விலா உள்ளே இழுத்தால், அல்லது சோர்ந்து எழும்பாமல் கிடந்தால். சளியில் துருநிறம் கலந்து, காய்ச்சலோடு நெஞ்சு குத்தினாலும் போக வேண்டும்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. மழைக்காலம் தடிமனுக்கு மட்டுமல்ல, டெங்குக்கும் காலம். மூக்கு ஒழுகுகிறதுதானே, வெறும் தடிமன் காய்ச்சல் என்று மூன்றாம் நாளும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும். இபுபுரோஃபென், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்கு என்றால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

அப்ப அந்தப் பச்சைச் சளியை என்னதான் செய்யிறது? கடலில குளிச்சால் மூக்குத் திறக்கும் எண்டு அம்மம்மா சொல்லுறா.

அம்மம்மா சொல்வதில் பாதி சரி. உப்பு நீர் தடித்த சளியை இளக்கி வெளியே கொண்டுவரும். ஆனால் கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம், உடம்புக்கு ஒத்த அளவு 0.9. நாலு மடங்கு உப்பு என்பதால்தான் உப்புவெளியில் அலை அடித்து மூக்கில் ஏறினால் அப்படி எரிகிறது.

வீட்டிலேயே செய்யலாம். கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லிலீற்றரில் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கிணற்று நீரோ குழாய் நீரோ, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று துளி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் முன். பெரியவர்கள் சிரிஞ்சில் எடுத்து, தலையைச் சரித்து, வாயால் மூச்சுவிட்டபடி கழுவலாம். அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

சிந்தும்போது ஒரு துவாரத்தை மூடி மற்றதால் மெதுவாகச் சிந்த வேண்டும். இரண்டையும் பிடித்துப் பலமாகச் சிந்தினால் சளி சைனஸுக்குள்ளும் காதுப் பக்கமும் தள்ளப்படும். ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். பிள்ளையைக் கொதிநீர்ச் சட்டிக்கு முன் போர்வையால் மூடி இருத்த வேண்டாம், அது கவிழ்ந்து சுட்டுப்போகலாம். அதற்குப் பதில் குளிக்கிற அறையில் ஒரு வாளியில் வெந்நீரை நிரப்பி, கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாளிக்கு எட்டத்தில் பத்து நிமிடம் இருந்தாலே போதும்.